என்டர் அடிக்கும் வரை அது கணக்கில் இல்லை

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் ஒன்று எக்செலில் திறந்திருக்கிறது. A நெடுவரிசையில் மாணவர் எண், B-யில் பெயர், C முதல் G வரை தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல். H நெடுவரிசை மொத்தத்துக்கு. முதல் மாணவிக்குத் தமிழ் தவிர மற்ற நான்கு பாடங்களின் மதிப்பெண்களும் ஏறிவிட்டன: 65, 72, 58, 80. H2 கட்டம் 275 என்று காட்டுகிறது. இப்போது ஆசிரியை C2 கட்டத்தில் 78 என்று டைப் செய்கிறார். எண் கட்டத்துக்குள் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் H2 அசையவில்லை. இன்னும் அதே 275.

அவர் என்டர் விசையை அழுத்திய கணத்தில்தான் மொத்தம் 353 ஆகிறது. அதுவரை அந்த 78 திரையில் இருந்தது, ஷீட்டில் இல்லை. டைப் செய்வது ஒரு செயல், அதைக் கட்டத்தில் பதிப்பது இன்னொரு செயல். எக்செலில் புதிதாக உட்காருபவர்களைத் திணறவைக்கும் பல சங்கடங்கள் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சிறிய இடைவெளியில்தான் பிறக்கின்றன. என்டர், டேப், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளும் அந்த இடைவெளியை முடித்துவைக்கும் மூன்று வழிகள். ஃபார்முலா பார், கட்டத்தில் கடைசியில் என்ன பதிந்தது என்பதைக் காட்டும் இடம்.

மூலையில் ஒரு சொல்

எக்செல் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை அதுவே எழுதிக் காட்டுகிறது. ஜன்னலின் அடியில், இடது மூலையில், சிறிய எழுத்தில் ஒரு சொல் இருக்கும். கட்டத்தைச் சும்மா தேர்ந்தெடுத்து வைத்திருக்கும்போது Ready. ஏதாவது டைப் செய்யத் தொடங்கியதும் Enter. ஏற்கெனவே உள்ளதைத் திருத்த உள்ளே நுழைந்தால் Edit. ஃபார்முலா எழுதும்போது வேறொரு கட்டத்தைச் சுட்டிக்காட்டினால் Point. பெரும்பாலானோர் ஆண்டுக்கணக்கில் எக்செலில் வேலை பார்த்தும் அந்த மூலையைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

இந்த ஏற்பாடு எக்செலைவிடப் பழையது. டேன் பிரிக்லினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்காக உருவாக்கி 1979-இல் வெளிவந்த விசிகால்க் மென்பொருளில், டைப் செய்வது கட்டத்துக்குள் தெரியாது. திரையின் உச்சியில் இருந்த வரியில்தான் எழுத்துகள் தோன்றும். முடித்த பிறகே அவை கட்டத்துக்கு இறங்கும். 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3-யும் அதே வழியில் போனது. அதன் திரையில் மேல் வலது மூலையில் READY, EDIT, POINT என்ற சொற்கள் மாறி மாறி வரும். திருத்துவதற்கான விசை F2. எக்செலும் இவற்றைத் தொடர்ந்தது. இன்று ஃபார்முலா பார் திரையின் மேல்பகுதியில் இருப்பதும், திருத்த F2 அழுத்துவதும் அந்தக் காலத்து வழக்கத்தின் தொடர்ச்சிதான்.

டைப் செய்வது நேராகக் கட்டத்துக்குள்ளேயே தெரியத் தொடங்கியது வசதிதான். ஆனால் அதனாலேயே, பதிந்துவிட்டதா இல்லையா என்பது கண்ணுக்குப் பிடிபடாமல் போனது. அந்த மூலைச் சொல் மட்டும்தான் வேறுபாட்டைச் சொல்கிறது.

வலப்பக்கம் டேப், திரும்பிவர என்டர்

என்டர் இரண்டு வேலைகளைச் செய்கிறது. டைப் செய்ததைப் பதிக்கிறது. பிறகு கீழே உள்ள கட்டத்துக்கு இறங்குகிறது. டேபும் பதிக்கிறது, ஆனால் வலப்பக்கக் கட்டத்துக்கு நகர்கிறது. ஷிஃப்டை அழுத்தியபடி என்டர் அடித்தால் மேலே, ஷிஃப்டோடு டேப் அடித்தால் இடப்பக்கம். இவ்வளவு பலருக்கும் தெரியும். டேபும் என்டரும் சேர்ந்து செய்யும் ஒரு வேலை பலருக்கும் தெரியாது.

ஆசிரியையிடம் இருப்பது மாணவர்வாரியாக எழுதிய தாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாணவியின் ஐந்து மதிப்பெண்களையும் ஏற்றிவிட்டு அடுத்தவருக்குப் போக வேண்டும். C2-வில் தொடங்குகிறார். 78, டேப். 65, டேப். 72, டேப். 58, டேப். கடைசியாக G2-வில் 80. அங்கே டேப் அடிக்காமல் என்டர் அடிக்கிறார். கர்சர் G3-க்கு இறங்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது C3-க்குப் போகிறது. டேப் பயணம் எந்த நெடுவரிசையில் தொடங்கியது என்பதை எக்செல் நினைவில் வைத்திருந்து, அடுத்த வரிசையில் அதே நெடுவரிசைக்குக் கொண்டுவந்து விடுகிறது. நான்கு டேப், ஒரு என்டர். 40 மாணவர்களுக்கும் இதே தாளம்தான். மவுஸைத் தொடவே வேண்டாம். கண் தாளை விட்டு விலக வேண்டியதும் இல்லை.

இந்த நினைவு எளிதில் கலைந்துவிடும். நடுவில் அம்பு விசையால் நகர்ந்தாலோ, மவுஸால் வேறு கட்டத்தைக் கிளிக் செய்தாலோ பழைய தொடக்கம் மறந்துபோகும். E2-வில் இருக்கும்போது D2-வைச் சரிசெய்ய இடது அம்பால் போய், பிறகு மீண்டும் டேப் அடித்துத் தொடர்ந்தால், வரிசையின் முடிவில் என்டர் C3-க்குப் போகாது, D3-க்குப் போகும். தாளைப் பார்த்தபடியே டைப் செய்பவர் இதைக் கவனிக்காவிட்டால், அடுத்த மாணவரின் தமிழ் மதிப்பெண் ஆங்கிலத்தில் ஏறும். அதற்குப் பின் வருபவை எல்லாம் ஒரு கட்டம் தள்ளியே போகும். C நெடுவரிசையில் திடீரென்று வெற்றுக் கட்டங்கள் தெரிவதுதான் இதைக் கண்டுபிடிக்கும் அடையாளம்.

நிறைய எண்களை ஏற்ற வேண்டியிருந்தால் இதைவிட உறுதியான வழி ஒன்று இருக்கிறது. முதலில் C2 முதல் G41 வரை முழுப் பகுதியையும் இழுத்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு எல்லாவற்றுக்கும் டேப் மட்டுமே அடிக்கலாம். G2-வில் டேப் அடித்ததும் கர்சர் தானாகவே C3-க்குத் தாவும். தேர்ந்தெடுத்த பகுதியை விட்டு வெளியே போகாது. பாடவாரியான தாள் என்றால், அதே பகுதியில் என்டர் மட்டும் அடித்துக்கொண்டே போகலாம். C41-இல் முடிந்ததும் D2-வின் உச்சிக்குப் போய்விடும். முந்தைய கட்டத்துக்குத் திரும்ப ஷிஃப்டோடு டேப் அல்லது ஷிஃப்டோடு என்டர் போதும். இங்கேயும் அம்பு விசைதான் எதிரி. வாசலில் இருக்கும்போது அதைத் தொட்டால், அதாவது எதுவும் டைப் செய்யாத Ready நிலையில் அழுத்தினால், தேர்வு கலைந்துவிடும்.

இவற்றோடு கன்ட்ரோலை அழுத்தியபடி அடிக்கும் என்டரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இது பதிக்கும், ஆனால் எங்கும் நகராது. பல கட்டங்களைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தால், டைப் செய்ததை அத்தனையிலும் ஒரே அடியில் நிரப்பும். அறிவியல் தேர்வுக்கு ஏழு பேர் வரவில்லை என்றால், கன்ட்ரோலைப் பிடித்தபடி அந்த ஏழு கட்டங்களையும் கிளிக் செய்து, AB என்று ஒருமுறை டைப் செய்து, கன்ட்ரோலோடு என்டர் அடித்தால் ஏழிலும் ஏறிவிடும்.

என்டர் எதிர்பாராத வேலை பார்க்கும் நேரமும் உண்டு. ஒரு கட்டத்தை காப்பி செய்தால் அதைச் சுற்றிப் புள்ளிக்கோடு நகர்ந்துகொண்டே இருக்கும். அந்தக் கோடு இருக்கும்போது வேறொரு கட்டத்தில் நின்று வெறும் என்டர் அடித்தால், கர்சர் கீழே இறங்காது. காப்பி செய்தது அங்கே ஒட்டப்படும். ஏற்கெனவே அங்கிருந்த மதிப்பெண் அழிந்துபோகும். காப்பி வேலை முடிந்ததும் ஒருமுறை எஸ்கேப் அடித்துப் புள்ளிக்கோட்டை அகற்றிவிட்டால் இந்த ஆபத்து இல்லை.

இரண்டு குணமுள்ள அம்பு விசை

அவசரத்தில் 78-க்குப் பதில் 8 என்று டைப் ஆகிவிட்டது. இன்னும் என்டர் அடிக்கவில்லை. 8-க்கு முன்னால் ஒரு 7 சேர்த்தால் போதும் என்று ஆசிரியை இடது அம்பை அழுத்துகிறார். கர்சர் 8-க்கு முன்னால் போகவில்லை. அந்த 8 அப்படியே பதிந்து, அவர் இடப்பக்கக் கட்டத்தில், மாணவியின் பெயர் மேல் நிற்கிறார். இப்போது 7-ஐ அழுத்தினால் பெயர் போய், அங்கே 7 வந்து உட்காரும்.

வெற்றுக் கட்டத்திலோ எண் உள்ள கட்டத்திலோ நேராக டைப் செய்யத் தொடங்கினால் நிலை Enter. அந்த நிலையில் அம்பு விசைகளும் என்டரைப் போலவே பதித்துவிட்டு நகரும். எண்களை வரிசையாக ஏற்றுபவருக்கு அது வசதி. எழுத்துகளுக்கு நடுவே கர்சரை நகர்த்த வேண்டுமென்றால் F2 அழுத்த வேண்டும். மூலைச் சொல் Edit என்று மாறும். அதன் பிறகு இடது, வலது அம்புகள் எழுத்து எழுத்தாக நகரும். ஹோம் தொடக்கத்துக்கும் எண்ட் முடிவுக்கும் கொண்டுபோகும். டைப் செய்துகொண்டிருக்கும்போதே F2 அழுத்தி இந்த நிலைக்கு மாறலாம். இன்னொரு முறை அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பலாம். பல மடிக்கணினிகளில் F2 ஒலியையோ வெளிச்சத்தையோ மாற்றும் விசையாக அமைந்திருக்கும். அங்கே Fn விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும்.

முன்பே பதிந்ததைத் திருத்தவும் F2-தான் நேர்வழி. நீளமான முகவரியில் ஒரே ஓர் எழுத்து தவறு என்றால், கட்டத்தில் நின்று மறுபடி டைப் செய்யத் தொடங்கினால் முழு முகவரியும் போய்விடும். F2 அழுத்தினால் உள்ளது அப்படியே இருக்க, கர்சர் அதன் முடிவில் வந்து நிற்கும். மவுஸால் இருமுறை கிளிக் செய்தாலும் இதே பலன் கிடைக்கும். ஆனால் கிளிக் கட்டத்தின் நடுவில் விழ வேண்டும். கட்டத்தின் விளிம்புக்கோட்டில் விழுந்தால், எக்செல் திருத்த விடாமல் அந்த நெடுவரிசையின் அடிக்கோ வரிசையின் ஓரத்துக்கோ தாவிவிடும். பட்டியல் திடீரென்று எங்கோ போய்விட்டதாகப் பதறும் பலருக்கு நடந்தது இதுதான்.

கட்டத்திலுள்ளதை அழிக்க டெலீட் விசை இருக்கிறது. சிலர் ஸ்பேஸ் பாரைத் தட்டி என்டர் அடிப்பார்கள். பார்வைக்குக் கட்டம் காலியாகிவிடும். ஆனால் உள்ளே ஓர் இடைவெளி எழுத்து இருக்கிறது. நிரம்பிய கட்டங்களை எண்ணும் COUNTA அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். அந்தக் கட்டத்தோடு ஓர் எண்ணைக் கூட்டச் சொன்னால் #VALUE! என்ற பிழை வரும். காலியான கட்டம் ஏன் பிழை தருகிறது என்று தேடுபவர், அதில் F2 அழுத்திப் பார்த்தால் கர்சர் இடது ஓரத்தில் ஒட்டி நிற்காமல் சற்றுத் தள்ளி நிற்பதைக் காணலாம்.

எஸ்கேப் எதுவரை காப்பாற்றும்?

H2 கட்டத்தில் மொத்தம் போடும் ஃபார்முலா இருக்கிறது:

```
=SUM(C2:G2)
```

கை தவறி அங்கே 5 விழுந்துவிட்டது. ஃபார்முலா மறைந்து 5 மட்டும் தெரிகிறது. இந்த நேரத்தில் செய்ய வேண்டியது எஸ்கேப் ஒன்றுதான். அழுத்தியதும் புதிதாக டைப் செய்தது விலகி, பழைய ஃபார்முலா எந்தக் குறையும் இல்லாமல் திரும்பிவரும். அது எங்கும் போயிருக்கவில்லை. 5 இன்னும் பதியாததால், கட்டத்தின் உண்மையான உள்ளடக்கம் அதுவரை ஃபார்முலாவாகவே இருந்தது.

என்டரோ டேபோ அம்போ அழுத்திவிட்டால் எஸ்கேப்புக்கு வேலை இல்லை. பிறகு கன்ட்ரோலோடு Z அழுத்தித்தான் பின்வாங்க முடியும். வேறொரு கட்டத்தை மவுஸால் கிளிக் செய்வதும் பதிப்பதற்குச் சமம்தான். தவறாக டைப் ஆனதும் பயந்து வேறு கட்டத்தைக் கிளிக் செய்பவர், அந்தத் தவறைத் தானே உறுதிப்படுத்துகிறார்.

ஃபார்முலா எழுதும்போது மட்டும் கிளிக் வேறு மாதிரி நடந்துகொள்ளும். கட்டத்தின் தொடக்கத்தில் சமக்குறி விழுந்துவிட்டால், எக்செல் ஒரு ஃபார்முலாவுக்குக் காத்திருக்கும். வெளியேறலாம் என்று B7-ஐக் கிளிக் செய்தால், கட்டத்தில் =B7 என்று சேரும். அம்பு விசையை அழுத்தினால் =B8 ஆகும். மூலையில் Point என்ற சொல் வந்திருக்கும். எங்கே தொட்டாலும் கட்ட எண் மாறுகிறதே தவிர வெளியேற வழியில்லை. ஒரு கூட்டல் குறியும் கூடவே விழுந்திருந்தால், என்டர் அடித்ததும் ஃபார்முலாவில் பிழை என்று ஒரு பெட்டி தோன்றி மீண்டும் அதே இடத்தில் கொண்டுவந்து விடும். புதியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் எக்செல் உறைந்துவிட்டது என்று நினைத்து அதை மூடப் போவார்கள். எஸ்கேப் ஒருமுறை போதும். எல்லாம் கலைந்து Ready திரும்பும்.

மேலே உள்ள கட்டளைகளில் பல மங்கலாகி, கிளிக் செய்தாலும் வேலை செய்யாமல் இருப்பதற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான். ஏதோ ஒரு கட்டம் டைப் செய்யும் நிலையில் திறந்தே கிடக்கும். என்டரோ எஸ்கேப்போ அடித்து அதை முடித்தால் கட்டளைகள் உயிர்பெறும்.

எஸ்கேப்பைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டிய இன்னோர் இடம், ஃபார்முலாவைச் சோதிக்கும் நேரம். சராசரிக்கான ஃபார்முலா இது:

```
=SUM(C2:G2)/5
```

இதில் SUM(C2:G2) என்ற பகுதியை மட்டும் ஃபார்முலா பாரில் தேர்ந்தெடுத்து F9 அழுத்தினால், அந்த இடத்தில் 353 என்று விடை வந்து நிற்கும். நீண்ட ஃபார்முலாவில் எந்தத் துண்டு தவறான விடை தருகிறது என்று பார்க்க அருமையான வழி. பார்த்து முடித்ததும் எஸ்கேப் அடிக்க வேண்டும். பழக்கத்தில் என்டர் அடித்துவிட்டால் ஃபார்முலா =353/5 என்று உறைந்துவிடும். மறுமதிப்பீட்டில் மாணவிக்கு ஐந்து மதிப்பெண் கூடினாலும் சராசரி அசையாது.

கட்டம் காட்டுவதும் பார் காட்டுவதும்

ஷீட்டுக்கு மேலே ஓடும் நீண்ட வெள்ளைப் பட்டைதான் ஃபார்முலா பார். அதன் இடது கோடியில் உள்ள சிறிய பெட்டி, எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பதைச் சொல்லும். நடுவில் மூன்று குறிகள்: ✗, ✓, fx. டைப் செய்யும்போது ✗ எஸ்கேப்பின் வேலையைச் செய்யும். ✓ பதித்துவிட்டு அதே கட்டத்தில் நிற்கும். Fx ஃபார்முலாக்களைத் தேடிச் சேர்க்க உதவும். நீளமான உள்ளடக்கத்தைக் கட்டத்துக்குள் திருத்தினால் அது பக்கத்துக் கட்டங்களை மறைக்கும். அந்த நேரத்தில் பாரில் திருத்துவது எளிது. ஆனால் பாரின் பெரிய பயன் திருத்துவதல்ல. கட்டம் காட்டுவது தோற்றம். உள்ளே பதிந்திருப்பதைக் காட்டுவது பார்.

மதிப்பெண் பட்டியலிலேயே பார்க்கலாம். மதிப்பெண் கட்டங்களில் புள்ளிக்குப் பின் எண் வேண்டாம் என்று அமைத்திருக்கிறார்கள். ஒரு மாணவனுக்கு 34.5 என்று ஏற்றப்பட்டிருக்கிறது. கட்டம் 35 என்று காட்டும். தேர்ச்சிக்கான ஃபார்முலா இப்படி:

```
=IF(C9>=35,"தேர்ச்சி","தேர்ச்சி இல்லை")
```

அச்சிட்ட பட்டியலில் 35 என்ற எண்ணும், பக்கத்திலேயே ‘தேர்ச்சி இல்லை’ என்ற சொல்லும் நிற்கும். ஃபார்முலா தவறு என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். C9-ஐக் கிளிக் செய்து பாரைப் பார்த்தால் 34.5 என்று இருக்கும். கணக்குப் போடுவது அந்த எண்ணை வைத்துத்தான்.

முகவரிகளை ஏற்றும்போது இதைவிடப் பெரிய சிக்கல் காத்திருக்கிறது. சென்னை வீடுகள் பலவற்றுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. 12/5 என்று சேர்த்து எழுதுவது வழக்கம். கதவு எண்ணுக்கான நெடுவரிசையில் 12/5 என்று டைப் செய்து என்டர் அடித்தால் கட்டம் 12-May என்று மாறிவிடும். எக்செல் அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டது. டைப் செய்தது 2025-ஆம் ஆண்டு என்றால், உள்ளே பதிந்திருப்பது 45789 என்ற எண். 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து எக்செல் வைத்திருக்கும் நாள் கணக்கு அது. பின்னால் கட்டத்தின் வகையை எழுத்து என்று மாற்றினாலும் 12/5 திரும்பாது. 45789 என்றுதான் தெரியும். அதே பட்டியலில் 45/32 என்ற கதவு எண்ணுக்கு எதுவும் ஆகாது, ஏனென்றால் அப்படி ஒரு தேதி இல்லை. எனவே சில எண்கள் சரியாகவும் சில தேதியாகவும் கலந்து கிடக்கும். கண்டுபிடிக்க எளிய அடையாளம் உண்டு: வேறு எதுவும் மாற்றியமைக்காவிட்டால் எழுத்துகள் கட்டத்தின் இடது ஓரத்திலும், எண்களும் தேதிகளும் வலது ஓரத்திலும் ஒட்டி நிற்கும்.

இதைத் தடுக்க, டைப் செய்வதற்கு முன்பே அந்த நெடுவரிசையை எழுத்து வகைக்கு, அதாவது Text என்பதற்கு மாற்றிவிட வேண்டும். ஓரிரு கட்டங்கள் மட்டும் என்றால் முன்னால் ஒரு மேற்கோள் குறி போட்டு டைப் செய்தால் போதும்:

```
'12/5
```

கட்டத்தில் அந்தக் குறி தெரியாது. ஃபார்முலா பாரில் தெரியும். 16 இலக்க எண்களுக்கும் இதே பாதுகாப்பு கட்டாயம் வேண்டும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும். 16 இலக்க அட்டை எண்ணையோ கணக்கு எண்ணையோ நேராக டைப் செய்தால், என்டர் அடித்த கணத்தில் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். தொலைந்த இலக்கம் பாரிலும் இருக்காது. 12 இலக்க ஆதார் எண்ணுக்கு அந்த இழப்பு இல்லை. சாதாரணக் கட்டத்தில் அது E+11 என்று முடியும் விசித்திர வடிவத்தில் தெரிந்தாலும், பாரில் 12 இலக்கங்களும் முழுமையாக இருக்கும். முதலாவது உண்மையான சேதம், இரண்டாவது தோற்றம் மட்டும். இரண்டையும் பிரித்தறியப் பாரைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தத் தேதி மாற்றம் அறிவியல் உலகத்தையே அசைத்திருக்கிறது. மனித மரபணுக்களில் MARCH1, SEPT1 என்ற குறியீடுகள் இருந்தன. டைப் செய்து என்டர் அடித்ததும் எக்செல் அவற்றை மார்ச் 1, செப்டம்பர் 1 ஆக்கிவிடும். அந்தப் பிழைகள் ஆய்வுக் கட்டுரைகளோடு வெளியான பட்டியல்கள் வரை போய்ச் சேர்ந்தன. மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு, 2020-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இத்தகைய பெயர்மாற்றங்களை அறிவித்தது. அவை இப்போது MARCHF1, SEPTIN1.

ஃபார்முலா உள்ள கட்டத்தில் பார் இன்னும் முக்கியமானது. கட்டம் விடையை மட்டும் காட்டும். அந்த விடை எந்தெந்தக் கட்டங்களிலிருந்து வந்தது என்பதைப் பார் மட்டுமே சொல்லும். பொருளியலாளர்கள் கார்மன் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும், அரசுக் கடன் மிகுந்த நாடுகளின் வளர்ச்சி பற்றி 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உலகெங்கும் சிக்கன நடவடிக்கைகள் பற்றிய விவாதத்தில் அது மேற்கோள் காட்டப்பட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், ஆசிரியர்களிடமிருந்தே அவர்களது எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிச் சோதித்தார். சராசரி எடுக்கும் ஃபார்முலா, வரிசை 30 முதல் 44 வரை மட்டுமே போயிருந்தது:

```
=AVERAGE(L30:L44)
```

49 வரை போயிருக்க வேண்டும். விட்டுப்போன ஐந்து வரிசைகள் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க். ஹெர்ண்டனும் அவரது பேராசிரியர்கள் இருவரும் 2013-இல் இதை வெளியிட்டார்கள். தரவுத் தேர்விலும் கணக்கிட்ட முறையிலும் அவர்கள் வேறு குறைகளையும் சொன்னார்கள்; எல்லாவற்றையும் சேர்த்துச் சரிசெய்தபோது, கடன் மிகுந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி -0.1 சதவீதத்திலிருந்து 2.2 சதவீதமாக மாறியது. ஃபார்முலாப் பிழையைக் கட்டுரையின் ஆசிரியர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

இத்தகைய பிழையைப் பிடிக்க F2 உதவும். ஃபார்முலா உள்ள கட்டத்தில் அதை அழுத்தினால், ஃபார்முலா தொடும் பகுதியைச் சுற்றி வண்ணக் கோடு தோன்றும். பட்டியல் முழுவதையும் அந்தக் கோடு வளைத்திருக்கிறதா, கடைசிச் சில வரிசைகள் வெளியே நிற்கின்றனவா என்பது பார்த்ததும் தெரியும். நாற்பது பேர் இருந்த வகுப்பில் நடு ஆண்டில் மூன்று பேர் சேர்ந்து, அவர்களைப் பட்டியலின் அடியில் 42, 43, 44 வரிசைகளில் ஏற்றியிருந்தால், வகுப்புச் சராசரியின் வண்ணக் கோடு 41-இலேயே நின்றிருக்கும். பார்த்து முடித்ததும், எதையும் மாற்றாமல் வெளியேற எஸ்கேப்.

வேறு மென்பொருளில்

கூகுள் ஷீட்ஸ், லிப்ரேஆபீஸ் கால்க் இரண்டிலும் அடிப்படை இதுவே: டேப் வலப்பக்கம், என்டர் கீழே, எஸ்கேப் ரத்து, F2 திருத்தம். சில இடங்களில் மட்டும் கை தடுமாறும். எக்செலில் நிரம்பிய கட்டத்தில் நின்று என்டர் அடித்தால் அடுத்த கட்டத்துக்கு இறங்கும்; கூகுள் ஷீட்ஸில் அந்தக் கட்டமே திருத்துவதற்குத் திறக்கும். ஒரே கட்டத்துக்குள் முகவரியை இரண்டு வரியாக உடைக்க விண்டோஸ் எக்செலில் ஆல்டோடு என்டர் அடிக்க வேண்டும், கால்க்கில் கன்ட்ரோலோடு என்டர். பல கட்டங்களை ஒரே அடியில் நிரப்புவது இதற்கு நேர்மாறு: எக்செலில் கன்ட்ரோல், கால்க்கில் ஆல்ட்.

பழக்கமில்லாத மென்பொருளில் முக்கியமான பட்டியலைத் தொடுவதற்கு முன், ஒரு வெற்று ஷீட்டில் இவற்றைச் சோதித்துக்கொள்ளலாம். மூன்று எண்களை டேப் அடித்து ஏற்றி, என்டர் எங்கே கொண்டுபோகிறது என்று பார்க்கலாம். ஓர் எண்ணை டைப் செய்து இடது அம்பை அழுத்தி, அது பதிகிறதா, கர்சர் நகர்கிறதா என்று பார்க்கலாம். கடைசியாக 12/5 என்று டைப் செய்து என்டர் அடித்து, அந்தக் கட்டத்துக்கே திரும்பிவந்து ஃபார்முலா பாரில் என்ன இருக்கிறது என்று படிக்கலாம்.